பண்டாரவளை ஆயுர்வேத கிளினிக் வேலை: மருந்துப் பக்கெட்டுல "முற்றாகக் குணமாகும்"னு போடச் சொல்றாங்க, என்ன செய்றது?

கோடுகிழிப்பான்
வணக்கம் எல்லாருக்கும். நான் கொட்டகலைப் பக்கம், லோகோ, போர்ட், லேபிள்னு சின்னச் சின்ன டிசைன் வேலை செய்றேன். இப்ப பண்டாரவளையில புதுசா தொறக்கப் போற ஆயுர்வேத கிளினிக் ஒண்ணுக்கு முழு பிராண்டிங்கும் கெடச்சிருக்கு. டொக்டர் சின்ன வயசுப் பிள்ளை, கொழும்புல பி.ஏ.எம்.எஸ் முடிச்சவங்க, ஆனா காசு போடுறது அவங்க அப்பா, அதனால முடிவெல்லாம் அப்பாதான். அவர் கேக்குறது இது: அகத்தியர் படம் வச்ச லோகோ, "1952 முதல்"னு ஒரு வரி (தாத்தா தோட்டத்துல எலும்பு முறிவுக்கு பத்து கட்டுனவராம்), சிவப்பு சிலுவை ஒண்ணு, அப்புறம் வாசல்ல வச்சி விக்கிறதுக்கு கொத்தல ஹிம்புட்டுங்கிற மூலிகைப் பட்டை பக்கெட். பக்கெட்டுல போடச் சொன்ன வாசகத்த அப்படியே தர்றேன்: "சீனி வருத்தம் முற்றாகக் குணமாகும். 100% இயற்கை. பக்கவிளைவு அற்றது." எனக்கு டிசைன் தெரியும், மருந்து தெரியாது. கை கூசுது ஆனா எப்படி மறுத்துச் சொல்றதுன்னு விளங்கல. எதை வைக்கலாம் எதைத் தூக்கணும்?

அட்டன் அட்டகாசம்
தம்பி இதுக்குப் போய் ஏன் தலைய பிய்க்கிற. "குணமாகும்"க்கு முன்னால "பாரம்பரியமாக"ன்னு ஒரு சொல்ல போட்டுரு, கத முடிஞ்சிது. எல்லாக் கம்பனியும் அதத்தான் செய்றான். நான் ரெண்டு வருசம் ஹேர் ஒயில் மார்க்கெட்டிங் செஞ்சவன், அனுபவத்துல சொல்றேன். அப்புறம் கலர் பச்சை, எல இருக்கணும், உரல் உலக்கை இருக்கணும், அப்பதான் ஆயுர்வேதம்னு சனத்துக்கு வெளங்கும்.

ராகலை அக்கா
தம்பி அந்த கிளினிக்ல முழங்கால் வலிக்கு எண்ணெய் இருக்கா, எவ்வளவு? எனக்கு இருபத்தெட்டு வருசம் மலையில கொழுந்து எடுத்து ரெண்டு முட்டியும் போச்சு. பண்டாரவளைக்கு பஸ்ல வந்துட்டு அன்னைக்கே திரும்பிரலாமா?

கோடுகிழிப்பான்
அக்கா இன்னும் தொறக்கவே இல்ல, நான் போர்ட் எழுதுற ஆள் மட்டும்தான் 🙏

பசறை டொக்டரம்மா
நானும் ஆயுர்வேத வைத்தியர்தான், பதினாலு வருசமா பாக்குறேன், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன் பொறுத்துக்கோங்க.

அட்டன் தம்பி சொன்னதுல பாதி சரி. "பாரம்பரியமாகப் பாவிக்கப்படுகிறது"ங்கிறது உண்மையா இருந்தா தாராளமா எழுதலாம், அது ஒரு வரலாற்றுச் செய்தி. ஆனா "பாரம்பரியமாகக் குணமாகும்"னு எழுதுனா அது வரலாறு இல்ல, வாக்குறுதி, முன்னால இருக்கிற சொல்லு வெறும் முகமூடி. இன்னொண்ணும் இருக்கு. பழைய நூல்கள்ல பிரமேகம், மதுமேகம்னுதான் வரும். மூத்திரம் இனிக்கிறது, எறும்பு மொய்க்கிறது, உடம்பு எளைக்கிறதுன்னு கண்ணால பார்த்ததை வச்சி எழுதுனது. இன்னைக்கு ரத்தத்துல சீனி பார்த்து நாம சொல்ற சீனி வருத்தத்தோட அது நெறைய ஒத்துப் போகுது, ஆனா முழுக்க ஒண்ணு இல்ல. அதனால நூல்ல இருக்கிற பெருமைய அப்படியே தூக்கி இன்னைக்கு இருக்கிற நோய் மேல வைக்க முடியாது.

கொத்தல ஹிம்புட்டுக்கு வருவோம். அது வெறும் கட்டுக்கதை மருந்து இல்ல. நம்ம நாட்டு ஆராய்ச்சியாளர்களே செஞ்சி 2005ல வெளியான ஆய்வு ஒண்ணு இருக்கு. சீனி வருத்தக்காரர் 51 பேரு, மூணு மாசம் கொத்தல ஹிம்புட்டு கலந்த தேநீர், மூணு மாசம் அதே மாதிரி இருக்கிற வெறும் தேநீர், எது எதுன்னு குடிக்கிறவங்களுக்கும் தெரியாது குடுக்கிறவங்களுக்கும் தெரியாது. மூணு மாசச் சீனியோட சராசரியக் காட்டுற எச்.பி.ஏ.1.சி பரிசோதனையில மருந்துத் தேநீருக்குப் பிறகு கொறஞ்ச அளவுதான் வந்துச்சு, ஆனா ரெண்டுக்கும் வித்தியாசம் அரைப் புள்ளிக்கும் கீழ. நல்ல செய்திதான். இதுல "முற்றாகக் குணமாகும்" எங்க இருக்கு? அதோட அவங்க பாவிச்சது ஒரே அளவா தயாரிச்ச தேயிலைப் பை. உங்க ஆள் பக்கெட்டுல போடுற பட்டை எந்தக் கொடியில எந்த வயசுல வெட்டுனதுன்னு அவருக்கே தெரியாம இருக்கலாம். அந்த ஆய்வோட பேரச் சொல்லி இந்தப் பக்கெட்ட விக்கிறதும் ஒரு வகைப் பொய்தான்.

பெரிய பிரச்சினை வேற இடத்துல இருக்கு. அது சீனிய கொஞ்சமாவது கொறைக்கும்ங்கிறதாலயே ஆபத்து. கிளிபென்கிளமைட் மாதிரி சீனி மாத்திரை போடுற ஒரு அம்மா, காலையில வெறும் சாயத் தண்ணியக் குடிச்சிட்டு மலை ஏறுறாங்க, இதையும் சேர்த்துக் குடிச்சா பதினோரு மணிக்கு வேர்த்து, கை நடுங்கி, கண்ணு இருட்டி சரிவுல விழலாம். பக்கவிளைவு இல்லாத மருந்து வேலையும் செய்யாத மருந்துதான்.

அட்டன் அட்டகாசம்
மேடம் அது சரி, ஆனா இயற்கைன்னு போடுறதுல என்ன தப்பு? பட்டை மரத்துலதானே வருது.

பசறை டொக்டரம்மா
இயற்கைன்னு போடுங்க. "அதனால பாதுகாப்பு"ன்னு காதுல விழுற மாதிரி போடாதீங்க. அதிமதுரம் இயற்கை, ஆனா நெறைய நாள் சாப்பிட்டா பிரஷர் ஏறும், ரத்தத்துல பொட்டாசியம் எறங்கும். அதோட நம்ம மருந்துல ஒரு வகை பாதரசம், ஈயம் சேர்த்துப் புடம் போடுறது. 2004ல அமெரிக்காவுல பொஸ்டன் பக்கத்துத் தெற்காசியக் கடைகள்ல 70 ஆயுர்வேத மருந்து வாங்கிப் பரிசோதிச்சாங்க, 14ல ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஏதாவது ஒண்ணு இருந்துச்சு. நம்ம துறைக்கு வந்த கெட்ட பேர்ல பாதி மருந்தால வந்தது, மீதிப் பாதி லேபிளால வந்தது. நல்ல மருந்து செய்றவனும் சேர்ந்துதான் அடி வாங்குறான்.

லிந்துலை பொடியன்
நான் டிசைனர் இல்ல, ஆனா இதப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. எங்கம்மாவுக்கு சீனி. அரசாங்க ஆஸ்பத்திரியில மாசா மாசம் கிளினிக் போய் மெட்போமின் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. டவுன்ல ஒரு இடம், பேர் சொல்ல மாட்டேன், அங்கயும் போர்ட்ல "கிளினிக்"னுதான் இருந்துச்சு, "நிரந்தர குணம்"னும் இருந்துச்சு. அம்மா என்ன செஞ்சாங்கன்னா, கிளினிக்குக்குப் பதிலா கிளினிக்தானேன்னு ஆஸ்பத்திரிக் கொப்பிய மூட்டையில போட்டுக் கட்டி வச்சிட்டு அங்க போக ஆரம்பிச்சிட்டாங்க, எங்க யாருக்கும் சொல்லல, ஏன்னா வீட்டுல எல்லாரும் கிளினிக் போறாங்கன்னுதான் நெனச்சோம். ஏழு மாசம். அப்புறம் கால் விரல்ல அட்டை கடிச்ச புண்ணு ஆறவே இல்ல, கடைசியில ஒரு விரல எடுத்தாங்க. அந்த வைத்தியர் மாத்திரைய நிப்பாட்டச் சொன்னாரான்னு கேட்டா அம்மா "இல்லையே, அவர் ஒண்ணும் சொல்லல, போர்ட்லதான் இருந்துச்சு"ன்னாங்க.

பசறை டொக்டரம்மா
தம்பி அம்மா இப்ப எப்படி இருக்காங்க? நீங்க சொன்ன "கிளினிக்" விசயம் எனக்கே இவ்வளவு நாளா ஓடல. நம்ம பக்கம் கிளினிக்னாலே சனத்துக்கு மாசாந்த சீனி, பிரஷர் கிளினிக்தான். அதே சொல்ல நாமளும் வச்சா, அதுக்குப் பதிலா இதுன்னு பேர்லயே சொல்ற மாதிரி ஆகுது. கோடுகிழிப்பான், பேர்ல இருந்தே மாத்துங்க, "ஆயுர்வேத வைத்திய நிலையம்"னு போடுங்க.

லிந்துலை பொடியன்
நல்லா இருக்காங்க டொக்டர், ஆஸ்பத்திரிக் கொப்பிய இப்ப நான்தான் வச்சிருக்கேன்.

கோடுகிழிப்பான்
இதுக்குத்தான் இங்க கேட்டேன். சரி பேரு மாறுது. அகத்தியர், 1952, சிலுவை இந்த மூணையும் என்ன செய்ய?

பசறை டொக்டரம்மா
சிலுவை வேணவே வேணாம். வெள்ளையில சிவப்புச் சிலுவை வைத்தியத்துக்கான பொது அடையாளம் இல்ல, செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் படையினரோட மருத்துவச் சேவைக்கும் உள்ளது, ஜெனீவா உடன்படிக்கையில பாதுகாக்கப்பட்ட சின்னம். நம்ம நாட்டுல 2006ம் ஆண்டு 4ம் இலக்கச் சட்டமே இருக்கு. பார்மசிக்காரன் எல்லாம் போடுறானேன்னு அப்பா சொல்லுவாரு, போட்டா போடட்டும். அதே காரணத்துக்காக பிள்ளை ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கிட்டு நிக்கிற படத்தையும் நான் போட மாட்டேன். நாங்க ஸ்டெத் பாவிக்கிறது உண்மை, ஆனா போர்ட்ல அது "இவங்க எம்.பி.பி.எஸ்"னு சொல்லும். பேருக்குக் கீழ பட்டத்தையும் ஆயுர்வேத மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தையும் படிக்கிற அளவுல போடுங்க. 1961 ஆயுர்வேதச் சட்டத்துக்குக் கீழ பதிவு இருக்கிறவங்கதான் காசு வாங்கி வைத்தியம் பார்க்கலாம், அந்த இலக்கம் எந்தச் சிலுவையையும் விட பெரிய மரியாத.

1952 பத்தி: தாத்தா கட்டுப் போட்டது உண்மைன்னா அது நல்ல கதை, கதையா சொல்லுங்க. "தாத்தா தோட்டத்தில் எலும்பு முறிவு பார்த்தவர். பேத்தி ஆயுர்வேதப் பட்டதாரி." ரெண்டு வரி. "1952 முதல்"னு போட்டா இந்த நிலையம், இந்த மருந்து, சீனி வைத்தியம் எல்லாம் எழுபது வருசமா நடக்குதுன்னு ஆகும். தாத்தா சீனி பார்த்தாரா?

கோடுகிழிப்பான்
இல்ல, எலும்பு மட்டும்தானாம். கேட்டுட்டேன்.

வேலுமணி (கினிகத்தேனை)
அகத்தியர் மேல கை வச்சா நான் சும்மா இருக்க மாட்டேன் 😄 அகத்தியர் சித்த மருத்துவத்துக்கு உரியவர். பிள்ளை படிச்சது ஆயுர்வேதம். யாழ்ப்பாணத்துல கைதடியிலயும் திருகோணமலையிலயும் அஞ்சாறு வருசம் பி.எஸ்.எம்.எஸ் படிச்சிட்டு வர்ற பிள்ளைகளுக்கு உள்ள அடையாளத்த இவங்க எப்படி எடுக்கலாம்? தன்வந்திரிய போடச் சொல்லுங்க.

அட்டன் அட்டகாசம்
அண்ணே நம்ம சனத்துக்கு தன்வந்திரின்னா யாருன்னே தெரியாது. தோட்டத்துல யாரக் கேட்டாலும் நாட்டு மருந்துன்னுதான் சொல்லுவான், சித்தமா ஆயுர்வேதமான்னு எவன் கேக்குறான்?

பசறை டொக்டரம்மா
இதுல எனக்கே முடிவு இல்ல. வேலுமணி ஐயா சொல்ற நியாயம் விளங்குது. ஆனா தாத்தா வீட்டுல அகத்தியர் படம் வச்சிக் கும்பிட்டிருந்தா அதையும் பொய்னு சொல்ல முடியாது. நானா இருந்தா உள்ள சாமித் தட்டுல வைப்பேன், லோகோவுல வைக்க மாட்டேன்.

பிரிண்டர் மாமா
நாவலப்பிட்டியில இருபது வருசமா போர்ட் அடிக்கிறேன், நான் கண்டத சொல்லவா. பச்சை போர்ட்ல பச்சை எல போட்டு தேயிலை மலைக்கு முன்னால வச்சா எவனுக்கும் கண்ணுக்குத் தெரியாது, அதுவும் மிஸ்ட் எறங்கினா ஒண்ணுமே இல்ல. மஞ்சளும் கறுப்பும் இல்லாட்டி காவி மண் கலர் பாரு. ரெண்டாவது, மூணு மொழி போர்ட்டுக்கு டிசைனர்மார் முதல்ல இங்கிலிஷையும் சிங்களத்தையும் வச்சிட்டு மிஞ்சின இடத்துல தமிழ திணிப்பானுங்க, தமிழ் நீளமான சொல்லு, அதனால எழுத்து எறும்பு மாதிரி ஆயிரும். முதல்ல தமிழ வை. மூணாவது, யுனிகோட்ல குடுத்தா நம்ம கடைப் பொடியன் பழைய பாமினி ஃபொன்ட்டுக்கு மாத்துவான், மாத்துறப்ப கொம்பு எங்கயாவது ஓடிரும். அவுட்லைன் செஞ்சி பிடிஎஃப்பா குடு.

அப்புறம் ஒண்ணு, இது டிசைன் இல்ல. எல்ல, பண்டாரவளைப் பக்கம் நான் அடிக்கிற போர்ட்ல வெள்ளைக்காரனுக்கு இங்கிலிஷ்ல "உடம்புக்கும் மனசுக்கும் அமைதி"ன்னு இருக்கும், தமிழ்ல மட்டும் "தீராத நோய் தீரும்"னு இருக்கும். ஒரே போர்ட். கேட்டா "அவங்க கேஸ் போடுவாங்க, இவங்க போட மாட்டாங்க"ன்னு சிரிக்கிறான்.

பசறை டொக்டரம்மா
மாமா, இந்த வரிய நான் எங்க சங்கக் கூட்டத்துல படிச்சிக் காட்டுவேன். கோடுகிழிப்பான், மூணு மொழியிலயும் எழுதி முடிச்ச பிறகு, உங்க வாசகம் தெரியாத ஒருத்தர்கிட்ட சிங்களத்தையும் இங்கிலிஷையும் குடுத்து வாயால தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. தமிழ்ல இருக்கிற வாக்குறுதி மத்த ரெண்டுலயும் வரலன்னா தமிழ்லதான் கூட எழுதியிருக்கீங்க.

லேபிளுக்கு நான் இப்படி எழுதுவேன்: "கொத்தல ஹிம்புட்டு. நீரிழிவுக்கு நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாகப் பாவிக்கப்படுவது. நீங்கள் எடுக்கும் மாத்திரைக்குப் பதிலாக அல்ல. சீனி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரிடம் சொல்லாமல் குடிக்க வேண்டாம். சீனி அளவுக்கு மீறிக் குறையலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் குடிக்கக் கூடாது." பக்கெட்ட அப்பா வெளிக் கடைகளுக்கும் போடுற எண்ணம் இருந்தா அது வேற கதை, ஆயுர்வேதத் திணைக்களத்துல அனுமதி கேக்காம தொடங்க வேணாம்னு சொல்லுங்க. என்னைக் கேட்டா வாசல்ல வச்சி விக்கவே கூடாது, பார்த்துட்டுத்தான் குடுக்கணும்.

கோடுகிழிப்பான்
நாலு நாள் கழிச்சி வர்றேன். டொக்டரம்மா வாசகத்துல ஒரு லேபிளும், அப்பா சொன்ன பழைய வாசகத்துல ஒரு லேபிளும் பிரிண்ட் எடுத்து எங்க பெரியம்மா லயத்துல சீனி இருக்கிற ஆறு பேர்கிட்ட காட்டினேன். கையில குடுத்து கொஞ்ச நேரம் பார்க்க விட்டுட்டு வாங்கிட்டேன், அப்புறம் ஒரே ஒரு கேள்வி, "இத வாங்குனா மாத்திரைய நிப்பாட்டலாமா?" பழைய லேபிளுக்கு அஞ்சு பேரு "நிப்பாட்டலாம்". எதிர்பார்த்ததுதான். ஆனா புதுசுக்கும் மூணு பேரு "நிப்பாட்டலாம்"னாங்க! ஏன்னு தலைய சொறிஞ்சிக்கிட்டு திரும்பிப் பார்த்தா, நான் லேபிள்ல வரிய மடக்குனது இப்படி இருக்கு:

"நீங்கள் எடுக்கும் மாத்திரைக்குப் பதிலாக
அல்ல."

அவங்க மேல் வரியோட நிறுத்திட்டாங்க. பெரியம்மா "பதிலானுதானே போட்டிருக்கு"ங்கிறாங்க. தமிழ்ல இல்லைங்கிறது கடைசியில வருது, நான் அத கொண்டு போய் அடுத்த வரியில தொங்க விட்டிருக்கேன்.

பசறை டொக்டரம்மா
ஐயோ. வாசகமும் என்னோட தப்புதான், எழுத்துத் தமிழ்ல எழுதிட்டேன். "மாத்திரையை நிப்பாட்ட வேண்டாம்."னு மாத்துங்க. மூணே சொல்லு, ஒரே வரி, மடங்கக் கூடாது.

பிரிண்டர் மாமா
மருந்துப் பேரு என்ன சைஸோ அதே சைஸ்ல போடு. எச்சரிக்கைன்னு கீழ பொடி எழுத்துல போட்டா அது எழுதாததுக்குச் சமம்.

கோடுகிழிப்பான்
அப்படியே செஞ்சி நேத்து வேற லயத்துல வேற ஆறு பேர்கிட்ட காட்டினேன், ஒரு பாட்டியத் தவிர எல்லாரும் "நிப்பாட்டக் கூடாது"ன்னாங்க. பாட்டிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, பக்கெட்ல நான் போட்டிருந்த கொத்தல ஹிம்புட்டு மரக் கோப்பை படத்தப் பார்த்துட்டு "இது சீனி மருந்து, எங்க மாமியா ராத்திரி தண்ணி ஊத்தி வச்சி காலையில குடிச்சாங்க, நல்லா இருந்தாங்க"ன்னாங்க. அவங்களுக்கு லேபிளால என்ன சொல்றதுன்னு தெரியல.

பசறை டொக்டரம்மா
அதுக்கு லேபிள் பத்தாது, குடுக்கிறப்ப வாயால சொல்லணும். ஆனா அந்தக் கோப்பையத்தான் லோகோவா வைக்கலாம்னு நீங்க நெனச்சிக்கிட்டு இருந்தா வேணாம். அத கதவுல மாட்டினா சீனி ஆஸ்பத்திரின்னு ஆயிரும்.

கோடுகிழிப்பான்
நெனச்சேன்தான் 😅 விட்டுட்டேன். இப்ப தாத்தா பத்து கட்டுற மூங்கில் பட்டையும் துணி முடிச்சும் வச்சி ஒண்ணு வரைஞ்சிருக்கேன், காவி மண் கலர். டொக்டர் பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு.

வேலுமணி (கினிகத்தேனை)
பிள்ளை எலும்பு முறிவு பார்ப்பாவா? பார்க்க மாட்டான்னா அதுவும் பொய் போர்ட்தானே தம்பி.

கோடுகிழிப்பான்
…கேட்டுட்டு வர்றேன் ஐயா. அப்பா இன்னொரு பக்கம் "குணமடைந்தவர்கள் பேசுகிறார்கள்"னு ஃபேஸ்புக்குக்கு வீடியோ எடுக்கணும்ங்கிறாரு, 2020 டிசம்பர்ல கேகாலையில கொரோனாவுக்குன்னு குடுத்த அந்தப் பாணி மருந்துக்குக் கூட்டம் கூடுன மாதிரி கூடணுமாம்.

லிந்துலை பொடியன்
அந்தப் பாணியக் குடிச்ச சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாசம் கொரோனா வந்துச்சுன்னு அவருக்கு ஞாபகப்படுத்துங்க அண்ணே.

அட்டன் அட்டகாசம்
வீடியோ எடுக்கிறதுல என்ன, நோயாளி உண்மையத்தானே சொல்றான்?

பசறை டொக்டரம்மா
உண்மையத்தான் சொல்லுவாரு, ஆனா மாத்திரையும் சேர்த்துப் போட்டேன்னு சொல்ல மாட்டாரு, சொன்னாலும் எடிட்ல போயிரும். சுகமாகாதவர் வீடியோவுக்கு வரவும் மாட்டாரு. வீடியோ வேணும்னா பிள்ளையே உக்காந்து, எந்த வருத்தத்துக்கு என்னால முடியும், எதுக்கு நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு ரெண்டு நிமிசம் பேசட்டும். கூட்டம் வருமான்னு என்னால சொல்ல முடியாது.

கோடுகிழிப்பான்
கேட்டுட்டேன். எலும்பு முறிவு பார்க்க மாட்டாங்களாம், எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவாங்களாம். தசைப்பிடிப்பு, மூட்டு வலிக்கு ஒத்தடம், எண்ணெய் வைத்தியம்தான் முக்கியமா செய்யப் போறாங்க. ஆக மூங்கில் பட்டையும் போச்சு. திரும்ப முதல்ல இருந்து வரையணும்.

ராகலை அக்கா
எண்ணெய் வைத்தியம் இருக்குன்னு இப்பத்தானே சொல்ற தம்பி, நான் முதல்லயே அதத்தானே கேட்டேன். எப்ப தொறக்குறாங்க?